படத்தில் படித்த எச்சரிக்கையும் கையிலிருக்கும் பாக்கெட்டும்

உணவு ஒவ்வாமை உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீட்டாரின் கைப்பேசிகளில் பிஸ்கட், சாக்லேட், சேமியா, மசாலாப் பொடி ஆகியவற்றின் பாக்கெட் படங்கள் பல சேர்ந்திருக்கும். எழுத்து மிகச் சிறியதாக இருப்பதால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பவர்கள் உண்டு. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டி, பாக்கெட்டைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிக் கேட்பது உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், படத்திலுள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் புறநோயாளர் பிரிவிலும், கைப்பேசியை நீட்டி, "இதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, டாக்டர்?" என்று கேட்பவர்கள் பலர்.

இது பயனுள்ள பழக்கம். இதைக் கைவிட வேண்டியதில்லை. ஆயினும், படம் எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதை நோயாளியின் குடும்பத்தார் அனைவரும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஒரு படத்தைப் பார்த்து ஓர் உணவை வேண்டாம் என்று ஒதுக்கலாம். ஆனால் படத்தை மட்டும் பார்த்து ஓர் உணவைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யக் கூடாது. அந்த முடிவைக் கையிலிருக்கும் பாக்கெட்டைப் படித்த பிறகே எடுக்க வேண்டும். இதற்கான காரணங்களையும், அன்றாடம் பின்பற்றத்தக்க ஒரு முறையையும் இக்கட்டுரையில் விளக்குகிறேன்.

எச்சரிக்கை எங்கே அச்சிடப்பட்டிருக்கும்?

நம் நாட்டில் பாக்கெட் உணவுகளின் லேபிள், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அமைகிறது. ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடிய பொருள்களின் பட்டியல் ஒன்று அதில் உள்ளது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற பருப்பு வகைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட் ஆகியவை அதில் அடங்கும். இவற்றுள் ஒன்று உணவில் சேர்க்கப்பட்டிருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும்.

இந்தச் செய்தி பாக்கெட்டில் மூன்று வடிவங்களில் இருக்கும். முதலாவது, சேர்மானப் பொருள்களின் பட்டியல். இதில் அதிக எடையுள்ள பொருள் முதலிலும் குறைந்த எடையுள்ளது இறுதியிலுமாக எழுதப்படும். பிஸ்கட்டில் கோதுமை மாவு, சர்க்கரை, பாமாயில் ஆகியவை முன்னால் வரும். சிறிதளவே சேர்க்கப்படும் பால் திடப்பொருள் கடைசி வரிகளில் வரும். ஆகவே ஒவ்வாமை உள்ளவருக்கு மிகவும் தேவையான சொல் பெரும்பாலும் பட்டியலின் வால் பகுதியில்தான் இருக்கும்.

இரண்டாவது, 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் அறிவிப்பு. இந்தப் பொருள் இதில் உள்ளது என்பது அதன் பொருள். பட்டியல் முழுவதையும் படித்தவர்களும் இதைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டும். காரணம், ஓர் உணவில் சேரும் கூட்டுப்பொருள், எடுத்துக்காட்டாக பிஸ்கட்டின் மேல் தூவப்படும் சாக்லேட் துண்டு, மொத்த உணவில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், அதன் உட்பொருள்களைப் பட்டியலில் விரித்து எழுத வேண்டிய கட்டாயமில்லை. அந்தத் துண்டில் பால் இருப்பது இந்த அறிவிப்பால் மட்டுமே தெரிய வரலாம்.

மூன்றாவது, 'மே கன்டெய்ன்' என்று தொடங்கும் வரி. இதில் அந்தப் பொருள் சேர்க்கப்படவில்லை. ஆனால் அதே ஆலையில், அதே இயந்திரத்தில் வேறு உணவு தயாராவதால் சிறிதளவு கலந்திருக்கக்கூடும் என்பது அதன் பொருள்.

இம்மூன்றும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. சில பாக்கெட்டுகளில் பட்டியல் பின்புறத்திலும், 'கன்டெய்ன்ஸ்' அறிவிப்பு பக்கவாட்டு மடிப்பிலும் இருக்கின்றன. ஒரே ஒரு படம் எடுத்தவருக்கு ஒரு முகம்தான் கிடைக்கும்.

படம் சரியாக இருந்தும் நேர்ந்த ஒன்று

எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஒரு சிறுவனின் நிகழ்வைச் சொல்கிறேன். குடும்பத்தை அடையாளம் காண இயலாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளேன்.

ஆறு வயதுச் சிறுவன். பசும்பால் ஒவ்வாமை உள்ளவன். பால், தயிர், நெய் எதுவும் வீட்டில் அவனுக்குத் தரப்படுவதில்லை. அவன் விரும்பி உண்ணும் ஒரு பிஸ்கட்டின் பெரிய பாக்கெட்டை அவனுடைய தாய் ஒரு முறை கவனமாகப் படித்தார். பால் இல்லை. லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து, "இது தம்பிக்குக் கொடுக்கலாம்" என்று எழுதிக் குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்பினார். அதன்பின் ஓராண்டுக்கு மேலாக அந்தப் படம்தான் உறவினர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது.

விடுமுறையில் சிறுவன் பாட்டி வீட்டுக்குச் சென்றான். அவனுடைய தாய்மாமன் பேருந்து நிலையக் கடையில் அதே பிஸ்கட்டின் சிறிய பாக்கெட்டை வாங்கினார். அவர் பொறுப்பற்றவர் அல்லர். கைப்பேசியிலிருந்த பழைய படத்தை எடுத்து, பெயரும் நிறமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தார். ஒத்திருந்தன. சிறுவன் இரண்டு பிஸ்கட்டுகளை உண்டான். சில நிமிடங்களில் உதடு வீங்கியது. உடலெங்கும் தடிப்பு எழுந்தது. வாந்தியும் தொடர் இருமலும் வந்தன. அருகிலிருந்த மருத்துவமனையில் தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி போடப்பட்டு, பின்னர் எங்களிடம் அனுப்பப்பட்டான். ஓர் இரவு கண்காணிப்பில் இருந்து நலமாக வீடு திரும்பினான்.

மாமா செய்த ஒரு செயல் எங்களுக்குப் பெரிதும் உதவியது. பிஸ்கட்டின் உறையை எடுத்து வந்திருந்தார். அதையும் தாயின் பழைய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். பழைய படத்தில் எந்தப் பிழையும் இல்லை. அந்தப் பாக்கெட்டில் பால் இல்லைதான். புதிய உறையின் பட்டியலில், கடைசிக்கு முந்தைய வரியில், பால் திடப்பொருள் இருந்தது. 'கன்டெய்ன்ஸ்' அறிவிப்பில் கோதுமையோடு பாலும் இருந்தது; அந்த வரி உறையின் ஒட்டுப் பகுதிக்கு அருகில், மடிப்புக்குள் அமைந்திருந்தது. முன்புறத்தின் மூலையில் 'புதிய சுவை' என்ற சிறு குறிப்பு இருந்தது. இடையில் செய்முறை மாறியிருக்கிறது. படம் மாறவில்லை.

இந்த நிகழ்வில் கவனமின்மை எங்கும் இல்லை. தாய் சரியாகப் படித்தார். படம் தெளிவாக இருந்தது. மாமா ஒப்பிட்டும் பார்த்தார். ஆனால் அவர் ஒப்பிட்டது பெயரையும் நிறத்தையும். படிக்க வேண்டியிருந்தது, தம் கையிலிருந்த பாக்கெட்டின் பட்டியலை. ஒரு பாக்கெட்டைப் பற்றிய உண்மையை இன்னொரு பாக்கெட்டுக்குப் பொருத்தியதே நேர்ந்த தவறு.

ஒரே பெயர், வேறு உணவு

ஒரே பெயரில் விற்கப்படும் உணவு எப்படி வேறுபடும் என்று பெற்றோர் வியப்புடன் கேட்கிறார்கள். செய்முறை காலத்துக்குக் காலம் மாறுவது ஒரு காரணம். ஒரு மூலப்பொருளின் விலை ஏறினாலும், சுவையை மாற்ற எண்ணினாலும், நிறுவனம் சேர்மானத்தை மாற்றலாம். புதிய சேர்மானத்தை லேபிளில் அச்சிட்டுவிட்டால் சட்டப்படி அதன் கடமை முடிந்தது. முந்தைய லேபிளைப் படம் எடுத்து வைத்திருப்பவரைத் தேடி வந்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. அந்நாட்டில் 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் முதன்மையான ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்கப்பட வேண்டியதாயிற்று. எள் ஒவ்வாமை உள்ளவர்களைக் காக்கவே இச்சட்டம் வந்தது. ஆனால் எள் தூவிய ரொட்டியையும் தூவாத ரொட்டியையும் ஒரே ஆலையில் செய்துவந்த சில நிறுவனங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எள் கலக்காமல் தடுப்பது கடினம் எனக் கருதின. அதனால் எள் இல்லாத ரொட்டிகளிலும் சிறிது எள் மாவைச் சேர்த்து, 'எள் உள்ளது' என்று லேபிளில் அச்சிட்டன. பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி உண்டுவந்த அதே பெயருள்ள ரொட்டி, எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தானதாகிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் ஊர்ப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

காலம் மட்டுமன்றி, அளவும் வேறுபாட்டைத் தரும். பெரிய பாக்கெட்டும் சிறிய பாக்கெட்டும் வெவ்வேறு ஆலைகளில் தயாராகலாம். ஓர் ஆலையில் பால் சேர்ந்த உணவுகள் அதே இயந்திரத்தில் ஓடலாம். மற்றோர் ஆலையில் ஓடாமல் இருக்கலாம். ஆகவே ஒரு பாக்கெட்டில் 'மே கன்டெய்ன்' வரி இருந்து, மற்றொன்றில் இல்லாமலும் போகலாம். எந்த ஆலையில் தயாரானது என்பதைப் பாக்கெட்டிலேயே காணலாம். பல ஆலைகள் உள்ள நிறுவனங்கள், ஆலைகளின் முகவரிகளை வரிசையாக அச்சிட்டு, தொகுதி எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்து எந்த முகவரி என்று அறியுமாறு குறிப்பிடுகின்றன. பேட்ச் நம்பர் என்று நாம் சொல்லும் அந்தத் தொகுதி எண் பெரும்பாலும் தயாரிப்புத் தேதியோடு சேர்த்து மையால் அச்சிடப்பட்டிருக்கும். பழைய படத்திலுள்ள முதல் எழுத்தும் கையிலுள்ள பாக்கெட்டின் முதல் எழுத்தும் வேறானால், இரண்டும் வேறு ஆலைகளில் செய்யப்பட்டவை என்று கொள்ளலாம்.

ஒரே பெயரில் பல சுவைகள் விற்கப்படுவதும், வெளிநாட்டுக்கென்று தயாரான பாக்கெட்டின் சேர்மானம் வேறாக இருப்பதும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை. இணைய வழி விற்பனைத் தளங்களில் காணப்படும் லேபிள் படங்களுக்கும் இதே விதி பொருந்தும். அந்தப் படம் எப்போது எடுக்கப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சேர்ந்த பாக்கெட்டைப் படித்த பிறகே அதைத் திறக்க வேண்டும்.

படமே குறையுள்ளதாகும்போது

மேலே சொன்னவை படம் தெளிவாக இருந்தபோதும் நேர்பவை. படத்திலேயே குறை இருப்பது அதைவிட அடிக்கடி நேர்கிறது.

முதல் குறை, ஓரம் விடுபடுவது. பட்டியலைப் படம் எடுப்பவர் அதன் தலைப்பை நடுவில் வைத்து எடுக்கிறார். கடைசி வரி சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. நமக்கு வேண்டிய சொல் அந்த வால் பகுதியில்தான் இருக்கும் என்பதை முன்பே பார்த்தோம். படத்தில் பட்டியல் முற்றுப்புள்ளியோடு முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அது அரைப் பட்டியல்.

இரண்டாவது, மடிப்பும் ஒளியும். பளபளப்பான உறையில் கைப்பேசியின் ஃபிளாஷ் ஒளி பட்டால் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு விழும். அதற்குள் இருக்கும் சொற்கள் மறையும். உருண்டையான டப்பாவில் இருபுறமும் எழுத்து வளைந்து ஒடுங்கும். உறையின் இரு ஓரங்களும் சேரும் ஒட்டுப் பகுதியைத் திறந்து பார்த்தாலன்றி அதனுள் இருக்கும் வரி படத்தில் வராது.

மூன்றாவது, அனுப்பும் வழியில் படம் சுருங்குவது. வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தை வழக்கமான முறையில் அனுப்பும்போது அதன் அளவைக் குறைக்கின்றன. அனுப்பியவரின் கைப்பேசியில் படிக்க முடிந்த சிறிய எழுத்து, பெறுபவர் பெரிதாக்கும்போது கலங்கிப்போகும். கலங்கிய சொல்லைப் பெறுபவர் ஊகித்து நிரப்பிவிடுகிறார் என்பதே இதில் உள்ள ஆபத்து.

நான்காவது, உரக்க வாசிக்கும் செயலியின் குறை. கலங்கிய எழுத்தைப் பார்க்கும் மனிதருக்கு, தமக்குத் தெரியவில்லை என்பதாவது தெரியும். செயலி தன்னால் படிக்க முடிந்ததை மட்டும் வாசித்து, முடியாததை ஒன்றும் சொல்லாமல் தாண்டிச் சென்றுவிடலாம். இரண்டு பத்திகளாக அச்சிடப்பட்டவற்றைக் குறுக்கே சேர்த்து, சேர்மானத்தையும் ஊட்டச்சத்து அட்டவணையையும் கலந்து வாசிப்பதும் உண்டு. தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் வசதியைப் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல் சேர்கிறது. 'வே', 'கேசின்' என்பன பாலிலிருந்து பெறப்படும் புரதங்கள். அவற்றை மொழிபெயர்ப்பு அப்படியே விட்டுவிட்டால், பால் என்ற சொல்லையே எதிர்பார்த்துக் கேட்பவருக்கு எச்சரிக்கை போய்ச் சேராது. 'நட்' என்பது கொட்டை என்று மட்டும் வந்தால், அது வேர்க்கடலையா, முந்திரியா என்பது தெரியாது.

இதனால்தான், ஒதுக்குவதற்குப் படம் போதும் என்றும் கொடுப்பதற்குப் போதாது என்றும் சொன்னேன். படத்தில் பால் என்ற சொல் தெரிந்துவிட்டால், அல்லது செயலி அதை வாசித்துவிட்டால், அந்தப் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிடலாம். மேலும் ஆராய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல் படத்தில் தெரியவில்லை என்பதற்கு, அது பாக்கெட்டில் இல்லை என்று பொருளாகாது.

படம் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால்

பார்வைக் குறைபாடு உள்ளவர்க்கும், ஆங்கிலம் அறியாதவர்க்கும், தொலைவில் இருக்கும் தாய்க்கும் படம் இன்றியமையாதது. எனவே அதைச் சரியாக எடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். உறையை மேசைமேல் வைத்து, சுருக்கங்களைக் கையால் நீவி விடுங்கள். முதலில் முன்புறம் முழுவதும், பிறகு பின்புறம் முழுவதும், அதன்பின் பக்கவாட்டு மடிப்புகள் என ஒவ்வொரு முகத்தையும் ஒரு முறை எடுக்க வேண்டும். அடுத்து, சேர்மானப் பட்டியலை மட்டும் நெருக்கமாக, தலைப்பு முதல் முற்றுப்புள்ளி வரை தெரியுமாறு எடுங்கள். ஒரே படத்தில் அடங்காவிட்டால் இரண்டாக எடுங்கள். முதல் படத்தின் கடைசி வரி இரண்டாவதன் முதல் வரியாக மீண்டும் வர வேண்டும். இறுதியாக, தொகுதி எண்ணும் தயாரிப்புத் தேதியும் உள்ள இடம். இது இருந்தால்தான் படம் எந்தப் பாக்கெட்டுக்கு உரியது என்பது தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் எழுத்தின் தெளிவு குறையாது.

பெறுபவருக்கும் ஒரு கடமை உண்டு. கொடுக்கலாம், கூடாது என்ற இரு விடைகளோடு, படிக்க முடியவில்லை என்ற மூன்றாவது விடையும் உண்டு என்பதை அவர் மறக்கக் கூடாது. ஒரு சொல் கலங்கியிருந்தாலும் அந்த மூன்றாவது விடையையே தர வேண்டும். படத்தில் சிக்கலேதும் தெரியவில்லையென்றால், உடனே அழைத்து, பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பவரை அதைப் பார்த்து வாசிக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லலாம். அல்லது அருகிலுள்ள வேறொருவரை, கடைக்காரரையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ வாசிக்கச் சொல்லலாம். குறிப்பாக மூன்று இடங்களைக் கேட்க வேண்டும்: பட்டியலின் கடைசி இரண்டு வரிகள், 'கன்டெய்ன்ஸ்' வரி, 'மே கன்டெய்ன்' வரி. வாசிக்க யாருமே கிடைக்கவில்லையென்றால், அந்த உணவு அன்றைக்கு வேண்டாம்.

பார்வைக் குறைபாடு உள்ள, தாமே ஒவ்வாமை உடைய ஒருவர் இதைப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு சொல். செயலியின் உதவியால் கடையில் பல பாக்கெட்டுகளை நீங்களே ஒதுக்கிவிடலாம். மிஞ்சியவற்றை முதன்முறை வாங்கும்போதும், ஒவ்வொரு புதிய பாக்கெட்டைத் திறக்கும் முன்பும், நம்பிக்கையான ஒருவரின் கண்ணால் ஒரு முறை படிக்கச் செய்யுங்கள்.

பாக்கெட்டை எப்போது படிப்பது?

கடையில் வாங்கும்போது ஒரு முறை, வீட்டில் எடுத்து வைக்கும்போது ஒரு முறை, தட்டில் இடும் முன் ஒரு முறை என மூன்று தடவை படிக்குமாறு நோயாளிகளின் குடும்பத்தாரிடம் சொல்கிறோம். மூன்று தடவையா என்று தயங்க வேண்டாம். பழகிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. மூன்றாவது தடவை மிகவும் முக்கியமானது. ஏனெனில் வாங்கியவர் ஒருவர், எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

இந்த மூன்றாவது தடவை நடைபெற வேண்டுமானால் பாக்கெட் வீட்டில் இருக்க வேண்டும். பிஸ்கட்டை எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டு உறையைக் குப்பையில் போடுவது நம் வீடுகளில் வழக்கம். உறையோடு சேர்த்தே டப்பாவில் வையுங்கள். பழைய பிஸ்கட்டின் மேல் புதிய பாக்கெட்டைக் கொட்டாதீர்கள். குடும்பத்தாருக்கு அனுப்பிய 'கொடுக்கலாம்' என்ற பழைய படங்களை நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, தவிர்க்க வேண்டிய சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு பட்டியலை அனுப்பி வையுங்கள். பால் ஒவ்வாமைக்கு அதில் மில்க், மில்க் சாலிட்ஸ், வே, கேசின், கேசினேட், பட்டர், கீ, கர்ட், சீஸ், கிரீம் ஆகிய சொற்கள், ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் இருக்கட்டும். அனுமதிக்கப்பட்ட பொருள்களின் படம் பழையதாகிப் போகும்; தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல் அவ்வளவு எளிதில் பழையதாகாது.

பாக்கெட்டும் சொல்லாதவை

பாக்கெட்டைப் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 'மே கன்டெய்ன்' வரியை அச்சிடுவது நம் நாட்டில் கட்டாயமன்று. அது இல்லாததால் கலப்பே இருக்காது என்று கொள்ள இயலாது. மிகக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், எந்த அளவுக்குத் தவிர்க்க வேண்டும் என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டு அறிய வேண்டும். நான் முன்பு சொன்ன 2020 விதிமுறைகளின் ஒவ்வாமைப் பட்டியலில் எள்ளும் கடுகும் இடம்பெறவில்லை. அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் 'கன்டெய்ன்ஸ்' வரியை மட்டும் நம்பாமல், சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். அதில் மசாலா என்று பொதுவாக எழுதியிருந்தால், அதற்குள் கடுகு இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும்.

மிகச் சிறிய பாக்கெட்டுகளுக்குச் சேர்மானப் பட்டியலை அச்சிடுவதிலிருந்து விலக்கு உண்டு. அவை அடங்கிய பெரிய பெட்டியில் மட்டும் பட்டியல் இருக்கும். கடைச் சரத்தில் தொங்கும் சிறு மிட்டாய்க்கும், எடை போட்டுப் பொட்டலமாகக் கட்டித்தரும் பலகாரத்துக்கும் படிக்க ஒன்றுமில்லை. படிக்க ஒன்றுமில்லாத உணவை ஒவ்வாமை உள்ளவருக்குக் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி தோன்றினால்

தவறுதலாக உண்ட பின் தோலில் தடிப்பு, உதடு அல்லது முக வீக்கம், தொடர் இருமல், மூச்சிரைப்பு, குரல் கம்மல், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல், சோர்ந்து விழுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். மூச்சிலோ உணர்விலோ மாற்றம் தெரிந்தால், அல்லது தோலிலும் வயிற்றிலும் ஒருசேர அறிகுறிகள் தோன்றினால், அது அவசர நிலை. உங்கள் மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்து, பயன்படுத்தும் முறையையும் கற்பித்திருந்தால், தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் உடனே போடுங்கள். அரிப்புக்குத் தரும் மாத்திரையோ மருந்தோ அதற்கு மாற்றாகாது. 108 எண்ணை அழையுங்கள். நோயாளியைப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார்ந்திருக்கட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போட்டபின் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மீண்டும் தோன்றக்கூடும்.

வரும்போது உண்ட உணவின் உறையையும் எடுத்து வாருங்கள். குப்பையில் போட்டிருந்தாலும் தேடி எடுங்கள். அதன் படத்தைவிட அந்த உறையே எங்களுக்கு மிகுந்த உதவியாக இருக்கும். மடிப்பை விரித்து, ஒவ்வொரு வரியையும் தொகுதி எண்ணோடு படிக்க அதில்தான் முடியும்.